அடுத்த ரீல் எதைப் பத்தி: சேவ் சொல்றதா, ஷேர் சொல்றதா, வாட்ச் டைம் சொல்றதா?

இன்ஸ்டாகிராம்ல ஒரு ரீல் போட்டு ஒரு வாரம் ஆனதும் இன்சைட்ஸ் திறந்தா ஆளுக்கொரு கதை சொல்லும், சேவ் ஒரு வீடியோவைக் காட்டும், ஷேர் இன்னொண்ணைக் காட்டும், வாட்ச் டைம் மூணாவதைக் காட்டும். எல்லாம் நல்லா வந்த ரீல்னா குழப்பமே இல்ல, அதையே இன்னொரு பார்ட் எடுத்துட்டுப் போயிடலாம். மூணும் மூணு பக்கம் இழுக்கும்போது எதை நம்பி அடுத்த டாபிக் எடுக்குறது, அதான் இங்க பேச்சு.

எங்க அக்கா பெங்களூர்ல ஒரு சின்ன பேஜ் நடத்துறா, தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு இங்க வந்து இறங்குறவங்களுக்காக. வீடு பாக்குறது, பஸ், மெட்ரோ, ஆட்டோக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை கன்னடம், இந்த மாதிரி. நான் கேமராவும் எக்ஸெல் ஷீட்டும். அவ பேஜ்ல இருந்து மூணு ரீலை எடுத்துக்கிறேன், நம்பர்ஸை கணக்குப் போட ஈஸியா இருக்கட்டும்னு ரவுண்ட் பண்ணிருக்கேன், எல்லாமே போட்டு ஏழாவது நாள் குறிச்சு வச்சது.

முதல் ரீல், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட்ல என்னென்ன பாக்கணும்னு. 62 செகண்ட். 9,000 பேருக்குப் போச்சு, 410 சேவ், 150 ஷேர், சராசரியா ஒரு ஆள் பாத்தது 17 செகண்ட்.

ரெண்டாவது ரீல் காமெடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடிவாளால பஸ் ஏறி ஓசூர் தாண்டுறதுக்குள்ள ஒரு மனுஷன் என்னென்ன அனுபவிக்கிறான்னு, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திபெலே டோல்னு வரிசையா. 24 செகண்ட். 48,000 பேருக்குப் போச்சு, 90 சேவ், 1,250 ஷேர், சராசரி 19 செகண்ட்.

மூணாவது, பத்து கன்னட வாக்கியம். எஷ்டு ஆகுத்தே, இல்லி நில்லிசி, அப்படி. 45 செகண்ட், 14,000 பேர், 620 சேவ், 180 ஷேர், சராசரி 23 செகண்ட்.

அக்கா பாத்த உடனே சொன்னது "டேய் காமெடி தான்டா, 48,000 பாரு". பாக்குற யாருக்கும் அப்படித்தான் தோணும், ஏன்னா கண்ணு முதல்ல போறது பெரிய நம்பருக்கு. ஆனா மொத்த எண்ணிக்கையை வச்சு டாபிக் முடிவு பண்ணக்கூடாது, ரீச், அதாவது எத்தனை ஆளுங்களுக்குப் போச்சுங்கிறது, அதிகமான ரீல்ல மத்த எண்ணிக்கையும் பெரும்பாலும் அதிகமாத்தான் இருக்கும். அதனால முதல் வேலை, ஒவ்வொண்ணையும் ரீச்சால வகுத்து ஆயிரம் பேருக்கு எத்தனைன்னு மாத்துறது. வியூஸால வகுக்க வேணாம், ஒரே ஆள் மூணு தடவை பாத்தா வியூஸ்ல மூணா விழும், ஆனா அவரு ஒரு தடவை தான் சேவ் பண்ணுவாரு, காமெடி ரீல் திரும்பத் திரும்ப ஓடுறதுனால வியூஸ் ஊதிப்போய் ரேட் தேவையில்லாம கம்மியா தெரியும்.

வகுத்துப் பாத்தா இப்படி வருது. ஆயிரம் பேருக்கு சேவ்: அட்வான்ஸ் ரீல் 46, காமெடி 2, கன்னடம் 44. ஆயிரம் பேருக்கு ஷேர்: அட்வான்ஸ் 17, காமெடி 26, கன்னடம் 13. வாட்ச் டைம் மட்டும் வேற மாதிரி பாக்கணும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

சேவ் மட்டும் பாத்தா அட்வான்ஸும் கன்னடமும் கிட்டத்தட்ட சமம். ஷேர் மட்டும் பாத்தா காமெடி முதல். இப்ப இந்த ஒவ்வொரு நம்பரும் எந்தக் கேள்விக்குப் பதில்னு பிரிச்சுப் பாத்தா தான் மேல போக முடியும்.

ஷேர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இப்ப எல்லாரும் ஷேர் தான் எல்லாம்னு பேசுறாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரில ரீச்சுக்கு முக்கியமானது மூணுன்னு சொன்னாரு: வாட்ச் டைம், ரீச்சுக்கு எத்தனை லைக், ரீச்சுக்கு எத்தனை செண்ட், அதாவது ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்புற ஷேர். அதுலயும் நம்மளை ஃபாலோ பண்ணாதவங்ககிட்ட போய்ச் சேரணும்னா செண்ட் தான் அதிகமா உதவும்னாரு. அந்த மூணுல சேவ் இல்ல. உடனே சேவ் செத்துப்போச்சுன்னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. ஆனா அவர் பதில் சொன்ன கேள்வி வேற, எடுத்து முடிச்ச வீடியோ எவ்ளோ தூரம் போகும்னு. நம்ம கேள்வி எதை எடுக்குறதுன்னு. ரெண்டுக்கும் ஒரே நம்பர் பதில் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

ஷேர் பண்ற ஆளு என்ன பண்றாருன்னா தனக்குத் தெரிஞ்ச ஒரு முகத்தை நெனச்சு அனுப்புறாரு. காமெடி ரீலுக்குக் கீழ கமெண்ட்ஸ் பாத்தா "மச்சி இது நீ தான்", "போன வாரம் நம்ம கதை", இப்படித்தான் இருக்கு. அந்த ஷேர் டாபிக்குக்கு வந்ததா, அந்த வாரத்துக்கு வந்ததான்னு பாக்கணும். அந்த ரீல் போட்டது பொங்கல் லீவுக்கு முந்தின வியாழக்கிழமை, பெங்களூர்ல இருக்கிற பாதித் தமிழன் டிக்கெட் கையில வச்சுக்கிட்டு பஸ் எப்ப வரும்னு ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்த நேரம். அதே மாதிரி இன்னொரு ஊருக்குப் போற காமெடி மார்ச் மாசம் ஒரு சாதா வாரத்துல போட்டோம், அதே நடிப்பு, அதே நீளம், ஆயிரத்துக்கு ஷேர் 9 தான் வந்துச்சு. 26 எங்க 9 எங்க. அப்ப அந்த 26-ல பெரிய பங்கு காலண்டருக்குப் போகணும். ரெண்டே ரீலை வச்சு இவ்ளோ பங்குன்னு துல்லியமா பிரிக்க முடியாது, ஆனா காமெடியை இப்ப சாதா வாரத்துல எடுத்தா 26 வரும்னு நம்ப முடியாதுன்னு மட்டும் தெரியுது.

இன்னொண்ணும் பாத்தோம், ரீல் வழியா எத்தனை பேர் ஃபாலோ பண்ணாங்கன்னு. காமெடிக்கு 48,000 ரீச்ல 60 பேர். அட்வான்ஸ் ரீலுக்கு 9,000 ரீச்ல 75 பேர். சிரிச்சவன் சிரிச்சுட்டுப் போயிட்டான்.

இப்ப சேவ். சேவ் பண்ற ஆள் சொல்றது, இது எனக்குப் பின்னாடி வேணும். டாபிக் முடிவு பண்ண எனக்குப் பிடிச்ச நம்பர் இது தான், ஏன்னா இது தேவையைக் காட்டுது. ஆனா சேவ்ல ஒரு கள்ளம் இருக்கு, அது கன்னட ரீல்ல நல்லாத் தெரியுது. பத்து வாக்கியம், ஒவ்வொண்ணும் ஸ்கிரீன்ல எழுத்தா வந்து ரெண்டு மூணு செகண்ட்ல போயிடுது, கீழ கேப்ஷன்ல "சேவ் பண்ணி வச்சுக்கோங்க"ன்னு அக்காவே எழுதிருக்கா. படிச்சு முடிக்க முடியாத எவனும் சேவ் தான் பண்ணுவான். அது டாபிக்குக்கு விழுந்த சேவ் இல்ல, எழுத்து வேகமா ஓடுனதுக்கு விழுந்த சேவ். லிஸ்ட் வர்ற ரீல் எல்லாத்துலயும் இது நடக்கும், பத்து டிப்ஸ், ஏழு இடம், அஞ்சு ஆப், எதைப் போட்டாலும் சேவ் ஏறும்.

டாபிக்குக்கு விழுற நெஜ சேவ் எது, இந்த மாதிரி சேவ் எதுன்னு பிரிக்க இன்ஸ்டாகிராம்ல நேரடியா ஒரு பட்டன் கிடையாது, சேவ் பண்ணவங்க திரும்ப வந்து பாத்தாங்களான்னு அது தனியா காட்டாது. நாங்க ரெண்டு விஷயத்தை வச்சு ஓரளவு கண்டுபிடிக்கிறோம். ஒண்ணு, ஏழாவது நாள் வியூஸையும் முப்பதாவது நாள் வியூஸையும் குறிச்சு வச்சு எவ்ளோ கூடிருக்குன்னு பாக்குறது. கன்னட ரீல் ஏழு நாள்லயே படுத்துடுச்சு, அதுக்கப்புறம் பேருக்கு நகர்ந்துச்சு. அட்வான்ஸ் ரீல் மெதுவா ஆனா விடாம ஏறிக்கிட்டே இருந்துச்சு, முப்பதாவது நாள்ல முதல் வார வியூஸ்ல பாதி அளவுக்கு மேலும் சேந்துருச்சு. வீடு தேடுறவங்க மாசா மாசம் புதுசா வந்துக்கிட்டே இருக்காங்க இல்லயா, அதனால இருக்கலாம், பழைய ஆளுங்க திரும்ப வந்ததாவும் இருக்கலாம், எதுவா இருந்தாலும் டாபிக்குக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது கமெண்ட்டும் மெசேஜும். கன்னட ரீலுக்குக் கீழ "சூப்பர்", "யூஸ்ஃபுல்", கைதட்டுற எமோஜி. அட்வான்ஸ் ரீலுக்குக் கீழ கேள்வி. "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்பேன்னு ஓனர் சொல்றாரு, குடுக்கணுமா", "அக்ரிமெண்ட்ல எழுதலைன்னாலும் பிடிக்கலாமா", "11 மாசம் முடிஞ்சு ரெனியூ பண்ணலைன்னா அட்வான்ஸ் என்ன ஆகும்". சேவ் ரேட் சமமா இருக்குற ரெண்டு டாபிக்ல எதுக்கு அடுத்த கேள்வி வருதோ அதுல தான் அடுத்த வீடியோ இருக்கு, "சூப்பர்"ல இருந்து எந்த வீடியோவும் எடுக்க முடியாது.

சரி வாட்ச் டைம். இதுல தான் நெறைய பேர் டாபிக்கைத் தப்பாக் கொன்னுடுறாங்க. அட்வான்ஸ் ரீல் 62 செகண்ட்ல 17 செகண்ட், அதாவது 27 சதவீதம். காமெடி 24-ல 19, கிட்டத்தட்ட 80 சதவீதம். பாத்தா அட்வான்ஸ் டாபிக் போரிங்னு தானே தோணும். சதவீதம் பெரும்பாலும் சின்ன வீடியோவுக்குத்தான் சாதகமா இருக்கும், செகண்ட் பொதுவா பெரிய வீடியோவுக்குச் சாதகமா இருக்கும், அதனால நீளம் வேறயா இருக்குற ரெண்டு ரீலை சராசரியை வச்சுப் பாக்குறதே சரி இல்ல. ஒவ்வொரு செகண்ட்லயும் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு காட்டுற ரிட்டென்ஷன் கிராஃபைத் திறந்து ஒரே செகண்ட்ல ரெண்டையும் வச்சுப் பாக்கணும்.

அட்வான்ஸ் ரீல் கிராஃப் இப்படி இருந்துச்சு. மூணாவது செகண்ட்லயே 50 சதவீதத்துக்கு விழுந்துடுச்சு. இருபதாவது செகண்ட்ல 28. அப்புறம் பெருசா விழல, சமதரையா போச்சு, நடுவுல 38-வது செகண்ட்கிட்ட ஒரு சின்ன மேடு, கடைசில 15 கிட்ட முடிஞ்சுது. காமெடி மூணாவது செகண்ட்ல 85, இருபதாவது செகண்ட்ல 70.

மூணு செகண்ட்ல பாதிப்பேர் போனதுக்கும் டாபிக்குக்கும் அவ்வளவா சம்பந்தமில்ல, டாபிக் என்னன்னே அவங்களுக்குத் தெரியாது. ஏன்னா முதல் நாலு செகண்ட் அக்கா தெருவுல நடந்து வர்றா, பின்னாடி மியூசிக், "ஹாய் மக்களே, இன்னைக்கு ஒரு முக்கியமான விஷயம் பேசப்போறோம்". அட்வான்ஸ்ங்கிற வார்த்தை வர்றதே ஏழாவது செகண்ட்ல. காமெடி முதல் ஃப்ரேம்லயே தோள்ல பேக், கையில டிஃபன் பாக்ஸ், பின்னாடி ஹார்ன் சத்தம், என்ன கதைன்னு பாத்த உடனே தெரியுது. அப்ப இந்த 50-க்கும் 85-க்கும் நடுவுல இருக்குறது தொடக்கத்தோட வித்தியாசம்.

இதை வச்சு ஒரு கணக்கு போட்டோம், எனக்கு மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிரயோஜனமா தெரிஞ்சது இது தான். ரீச்சால வகுக்குறதுக்குப் பதிலா மூணு செகண்ட் தாண்டி நின்னவங்களால வகுத்துப் பாருங்க. அட்வான்ஸ் ரீல்ல 9,000-ல பாதி, 4,500 பேர். 150 ஷேரை 4,500-ஆல வகுத்தா ஆயிரத்துக்கு 33. காமெடில 48,000-ல 85 சதவீதம், 40,800. 1,250 ஷேர்னா ஆயிரத்துக்கு 31. கன்னடத்துக்கு மூணாவது செகண்ட்ல 72 சதவீதம் இருந்தாங்க, சுமார் 10,000 பேர், 180 ஷேர், ஆயிரத்துக்கு 18.

முதல் கணக்குல 17-க்கு 26-னு தோத்த ரீல் இப்ப காமெடி பக்கத்துல வந்து நிக்குது, அதுவும் பொங்கல் வாரத்துக் காமெடி பக்கத்துல. அக்கா ரெண்டு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தா.

ஆனா 33 ஜெயிச்சுது 31 தோத்துதுன்னு துள்ளக்கூடாது. எண்ணிக்கை எதுலயும் தற்செயலா ஒரு ஆட்டம் இருக்கும், அது சுமாரா அந்த எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்குன்னு வச்சுக்கலாம். 150-க்கு வர்க்கமூலம் 12, அதாவது அதே ரீலை அதே மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு தடவை காட்டுனா 138-ம் வரலாம் 162-ம் வரலாம். ஆயிரத்துக்குக் கணக்குப் பாத்தா 31-ல இருந்து 36 வரைக்கும். காமெடி 31-ல தான் நிக்குது. ஆக ரெண்டும் சமம்னு தான் எடுத்துக்கணும். புதுசா பேஜ் ஆரம்பிச்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம், 400 பேருக்குப் போன ரீல்ல ஒண்ணுக்கு 9 சேவ், இன்னொண்ணுக்கு 4 சேவ்னா ரெண்டு மடங்கு மாதிரி தெரியும், ஆனா 9-ஓட ஆட்டம் 3, 4-ஓட ஆட்டம் 2, ரெண்டும் 6-ல போய் முட்டிக்கும். அந்த அளவுல ரெண்டு ரீலை ஒப்பிட்டு டாபிக் முடிவு பண்றதுக்கு ஒரே டாபிக்ல நாலு ரீல் போட்டு மொத்தமா கூட்டிப் பாக்குறது மேல்.

இந்தக் கணக்குல இன்னொரு ஓட்டையும் இருக்கு. மூணு செகண்ட் தாண்டி நின்ன 4,500 பேரும் வீடு தேடுறவங்களாவே இருக்கலாம், சொந்த வீட்டுல இருக்குறவங்க கேப்ஷனைப் பாத்துட்டு முதல்லயே தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அப்படின்னா தொடக்கத்தைச் சரி பண்ணி இன்னும் 2,000 பேரை நிறுத்துனாலும் அவங்க அதே ரேட்ல ஷேர் பண்ண மாட்டாங்க, 33 கொஞ்சம் இறங்கும். எவ்ளோ இறங்கும்னு இந்த நம்பர்ல இருந்து சொல்ல முடியாது, எடுத்துப் பாத்தா தான் தெரியும். அப்புறம் கிராஃப்ல இருக்குற சதவீதம் வீடியோ ஓடுன கணக்கு, ஆளோட கணக்கு இல்ல, அதனால 4,500-ங்கிறது தோராயம்.

நின்னவங்களை எவ்ளோ நேரம் பிடிச்சு வச்சோம்னு பாத்தா காமெடி இன்னும் முன்னாடி தான் இருக்கு. மூணாவது செகண்ட்ல இருந்தவங்கள்ல இருபதாவது செகண்ட்லயும் இருந்தவங்க அட்வான்ஸ்ல 56 சதவீதம், காமெடில 82. இது எடிட்டிங், நீளம், பேச்சு வேகம் எல்லாம் சேந்தது. 62 செகண்ட் அந்த விஷயத்துக்கு அதிகம் தான், அக்கா ஒத்துக்கல, நான் சொல்றேன்.

வாட்ச் டைம் டாபிக் தேர்ந்தெடுக்க உதவவே உதவாதான்னா, சராசரி உதவாது, அந்த 38-வது செகண்ட் மேடு உதவும். கிராஃப்ல கோடு கீழ இறங்குறது தான் இயல்பு, அது ஒரு இடத்துல மேல ஏறுதுன்னா ஜனங்க பின்னாடி போய் அந்த இடத்தைத் திரும்பப் பாத்துருக்காங்கன்னு அர்த்தம். சில சமயம் பேச்சு புரியலைன்னாலும் அப்படி வரும், ஸ்கிரீன்ல எழுத்து சின்னதா இருந்தாலும் வரும், அதனால அந்த இடத்தை நாமளே ஃபோன்ல ஓட்டிப் பாக்கணும். ஓட்டிப் பாத்தோம், பேச்சு தெளிவா இருக்கு, எழுத்து பெருசா இருக்கு. அங்க அக்கா சொல்றது, காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்குன்னு ஓனர் அட்வான்ஸ்ல இருந்து ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கலாம்னு பெங்களூர் அக்ரிமெண்ட்ல சாதாரணமா ஒரு வரி இருக்கும், அதைக் கையெழுத்துக்கு முன்னாடியே பாருங்கன்னு.

கமெண்ட்ல முதல் கேள்வி பெயிண்டிங். மேடு பெயிண்டிங். அப்ப அடுத்த ரீல் அட்வான்ஸ் பார்ட் டூ இல்ல, அந்த ஒரு வரி மட்டும். டாபிக்கை சேவ் காட்டுச்சு, டாபிக்குள்ள எந்த மூலைன்னு ரிட்டென்ஷன் காட்டுச்சு.

ஷேர் இதுல எங்க வருதுன்னா, எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனையா வருது. இந்த வீடியோவைப் பாத்துட்டு ஒருத்தர் யாருக்கு அனுப்புவாரு? பேர் சொல்ல முடியணும். பத்து கன்னட வாக்கியத்தை யாருக்கு அனுப்புறது, புதுசா வந்த தம்பிக்கு அனுப்பலாம், ஆனா எல்லாருக்கும் அப்படி ஒரு தம்பி இருக்க மாட்டான். பெயிண்டிங் பிடிக்கிற விஷயத்தை அனுப்ப ஆள் இருக்கு, கூட ரூம்ல இருக்குற பையன், அடுத்த மாசம் வீடு மாறப்போற ஆஃபீஸ் ஃப்ரெண்டு, வாட்ஸாப் க்ரூப்ல ஓனரைத் திட்டிக்கிட்டு இருக்குற மச்சான். இந்தச் சோதனைக்கு நம்பர் கிடையாது, ஆனா அட்வான்ஸ் ரீல்ல நின்னவங்க ஆயிரத்துக்கு 33 பேர் அனுப்பிருக்காங்கங்கிறது இதுக்குப் பக்கபலம்.

பேஜ் வேற மாதிரி இருந்தா வரிசை மாறும்னு சொல்லிடணும். உங்க பேஜ் முழுக்க காமெடினா சேவ் நம்பரைப் பாத்து என்ன பண்ணப்போறீங்க, ஜோக்கை யாரும் பத்திரப்படுத்தி வைக்க மாட்டாங்க, அங்க ஷேரும் ரிட்டென்ஷனும் தான். அல்சூர் மார்க்கெட்ல காலை டிஃபன், சிவாஜிநகர்ல சாயங்காலம் சாப்பாடுன்னு ஃபுட் ரீல் போடுறவங்களுக்கு சேவும் ஷேரும் கிட்டத்தட்ட ஒண்ணாவே ஏறும், சேவ் பண்றவன் போகணும்னு நெனக்கிறான், ஷேர் பண்றவன் கூட யாரையோ கூட்டிட்டுப் போகணும்னு நெனக்கிறான், அவ்வளவு தான், அங்க எந்தக் கடைன்னு பிரிக்க சேவே போதும். யூட்யூப்ல பெரிய வீடியோ போடுறவங்களுக்கு வாட்ச் டைமுக்கு இங்க இருக்குறதை விட வெயிட் அதிகம், அது தனிக் கதை.

நம்பர் குறிக்கிறதுல ஒண்ணே ஒண்ணு. இன்சைட்ஸ் மொத்தமா சேந்த எண்ணைத்தான் காட்டும், மூணு மாசம் ஆன ரீலையும் மூணு நாள் ஆன ரீலையும் இன்னைக்குத் திறந்து ஒப்பிட்டா கணக்கு கோணலா வரும், ஏன்னா ஆரம்பத்துல பாக்குறது பெரும்பாலும் நம்ம ஃபாலோயர்ஸ், அவங்க சேவ் ரேட் அதிகம், ரீச் வெளிய போகப்போக முன்னப்பின்ன தெரியாதவங்க வர்றாங்க, ரேட் தானா இறங்கும். நம்ம 48,000 ரீலும் 9,000 ரீலும் இதுலயே கொஞ்சம் சமமில்லாத ஜோடி தான், அதனால தான் ஃபாலோயர் அல்லாதவங்க எத்தனை சதவீதம்னு பக்கத்துலயே எழுதி வச்சுக்கிறது. எங்க ஷீட்ல ஏழாவது நாள், முப்பதாவது நாள்னு ரெண்டு வரிசை, ரீச், சேவ், ஷேர், மூணாவது செகண்ட் சதவீதம், இருபதாவது செகண்ட் சதவீதம், ஃபாலோயர் அல்லாதவங்க சதவீதம், அந்த வாரம் பண்டிகை உண்டா இல்லயா. கேப்ஷன்ல சேவ் பண்ணச் சொன்னோமான்னு ஒரு கட்டம். இதுக்கு மேல எழுதுனா யாரும் நிரப்ப மாட்டாங்க, நாங்களே நிரப்ப மாட்டோம்.

இப்ப எடுக்கப்போற ரீல். 30 செகண்டுக்குள்ள. முதல் ஃப்ரேம்ல அக்ரிமெண்ட் பேப்பர், அந்த பெயிண்டிங் வரி மேல விரல், "இந்த ஒரு வரி, ஒரு மாச வாடகை" அவ்வளவு தான் வசனம், ஹாய் மக்களே கிடையாது. அக்காவுக்கு இது பிடிக்கல, வணக்கம் சொல்லாம எப்படிடா ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, வணக்கத்தைக் கடைசில சொல்லிக்கலாம்னு முடிச்சோம். அப்புறம் வீட்டுக்குக் குடி வரும்போதே பெயிண்ட், சுவர் எல்லாத்தையும் படம் எடுத்து வைக்கிறது, எவ்ளோ பிடிப்பாங்கன்னு தொகையை எழுத்துல வாங்குறது, ரெண்டே விஷயம். லிஸ்ட் இல்ல, வேகமா ஓடுற எழுத்து இல்ல, சேவ் பண்ணுங்கன்னு கேப்ஷன்ல எழுதப்போறதும் இல்ல, இந்தத் தடவை விழுற சேவ் டாபிக்குக்கு விழுந்ததான்னு தெரியணும். ட்ரையல் ரீலா போடப்போறோம், அது முதல்ல ஃபாலோயர் அல்லாதவங்களுக்கு மட்டும் போகும், ஃபாலோயர்ஸோட பாசம் கலக்காத நம்பர் கிடைக்கும். 72 மணி நேரத்துல நல்லாப் போனா எல்லாருக்கும் தானா காட்டுற ஆப்ஷன் அதுல இருக்கு, அதை ஆஃப் பண்ணி வச்சு நம்பரைப் பாத்துட்டு நாமளே முடிவு பண்ணலாம்.

வெள்ளிக்கிழமை பஸ் காமெடி தீபாவளிக்கு முந்தின வாரத்துக்கு ஒதுக்கியாச்சு, அதுக்கு முன்னாடி வேணாம்.

பெயிண்டிங் ரீல்ல மூணாவது செகண்ட்ல 70 சதவீதம் பேர் நின்னும், நின்னவங்கள்ல ஷேர் ஆயிரத்துக்கு 20-க்குக் கீழ போச்சுன்னா, பழைய 33 வீடு தேடுறவங்க மட்டும் வடிகட்டி நின்னதால வந்த எண்ணுன்னு எடுத்துக்குவோம். அப்ப இந்த டாபிக்கை மாசம் ஒண்ணுன்னு வீடு மாறுறவங்களுக்காக மட்டும் வச்சுக்கிட்டு, கன்னடத்தை வேற மாதிரி எடுத்துப் பாக்கணும், ஒரு ரீலுக்கு ஒரே வாக்கியம், ஆட்டோ ஸ்டாண்ட்ல நின்னு.